முதல் திரையில் எந்தக் கேள்விக்குப் பதில்? பயிற்சி நிலையத் தளத்துக்குப் பெர்சோனாவும் பயண வரைபடமும்

டேலியும் ஜிஎஸ்டியும் சொல்லித்தரும் ஒரு சிறு பயிற்சி நிலையத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஈரோட்டில், பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், முதல் மாடியில் பன்னிரண்டு கணினிகள். ஜவுளிக் கடை, மஞ்சள் மண்டி, ஆடிட்டர் ஆபீஸ் என்று கணக்கு எழுத ஆள் தேடும் இடங்கள் அந்த ஊரில் நிறைய. அதனால் படிக்க வருபவர்களுக்குக் குறைவில்லை. நிலையத்துக்கு ஒரு இணையதளம் செய்ய வேண்டும். உரிமையாளர் முதலில் கேட்பது தன் படம், நிலையத்தின் வரலாறு, "எங்கள் நோக்கம்" என்ற பக்கம். ஆனால் தளத்துக்கு வருபவர் இவை எதையும் தேடி வரவில்லை. அவர் கையில் ஒரு கேள்வி இருக்கிறது. அதற்குப் பதில் கிடைக்காவிட்டால் அடுத்த தளத்துக்குப் போய்விடுவார்.

அந்தக் கேள்வி எது என்று கண்டுபிடிக்கத்தான் பெர்சோனாவும் பயண வரைபடமும். பெர்சோனா என்பது வரக்கூடிய ஆட்களில் ஒரு வகையினரின் நிலைமையை எழுதி வைப்பது. பயண வரைபடம் என்பது அந்த ஆள் "படிக்கணும்" என்று நினைத்த நாளிலிருந்து வகுப்பில் உட்காரும் நாள் வரை என்ன செய்கிறார், எங்கே தடுமாறுகிறார் என்று எழுதி வைப்பது. இரண்டையும் புதிதாகச் செய்பவருக்காக இதை எழுதுகிறேன். மேலே சொன்ன நிலையம் எடுத்துக்காட்டுக்காக அமைத்தது. அதில் வரும் எண்களும் கட்டணமும் கணக்குப் போட்டுக் காட்டத்தான். உங்கள் நிலையத்தில் உங்கள் எண்கள் வரும்.

என்கொயரி நோட்டிலிருந்து தொடங்குங்கள்

எல்லாப் பயிற்சி நிலையத்திலும் வரவேற்பு மேசையில் ஒரு நோட்டு இருக்கும். பெயர், போன் நம்பர், "என்ன கோர்ஸ்", "எப்படித் தெரியும்" என்று நான்கு கட்டம். நமக்கு வேண்டிய ஒரே விஷயம் அதில் இருக்காது: வந்தவர் வாயைத் திறந்து முதலில் என்ன கேட்டார்? வரவேற்பு மேசையில் இருக்கும் பெண் "பீஸ் என்கொயரி" என்று எழுதி வைத்திருப்பார். அது கேள்வி இல்லை, தலைப்பு.

"மொத்தம் எவ்வளவுங்க?" என்பது ஒரு கேள்வி. "ரெண்டு தவணையா கட்டலாமா?" என்பது வேறு. "பரீட்சை பீஸ், புக்கு எல்லாம் இதுலயே வந்துருமா?" என்பது மூன்றாவது. முதலாவதைக் கேட்பவர் நான்கு இடத்தை ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இரண்டாவதைக் கேட்பவர் சேர்வதென்று ஏறத்தாழ முடிவெடுத்துவிட்டார், பணத்தைத்தான் புரட்ட வேண்டும். மூன்றாவதைக் கேட்பவர் எங்கேயோ ஒரு தடவை ஏமாந்தவர். மூன்றையும் "பீஸ்" என்று ஒரே கட்டத்தில் போட்டால் இந்த வித்தியாசம் முழுக்கத் தொலைந்துபோகும்.

ஆகவே முதல் வேலை, ஒரு புது நோட்டு. அதில் ஐந்து கட்டம் போதும்: தேதி, நேரிலா போனிலா வாட்ஸ்அப்பிலா என எப்படி வந்தார், கேட்டது யார் (படிப்பவரா, அப்பாவா, கணவரா), அவர் சொன்ன வார்த்தையிலேயே முதல் கேள்வி, கடைசியில் சேர்ந்தாரா இல்லையா. பெயரும் நம்பரும் பழைய நோட்டிலேயே இருக்கட்டும், இதில் வேண்டாம். இந்த நோட்டு நாலு பேர் கைக்குப் போகும், அடுத்தவர் விவரம் அப்படிச் சுற்றக் கூடாது. வரவேற்பு மேசையில் இருப்பவரிடம் "அவங்க சொன்னதை அப்படியே எழுதும்மா, சுருக்காதே" என்று ஒரு தடவை சொன்னால் பத்தாது. முதல் வாரம் தினமும் மாலையில் கூட உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

மூன்று மாதம் இப்படி எழுதியதாக வைத்துக்கொள்வோம். 140 பேர் விசாரித்திருக்கிறார்கள். முதல் கேள்வியைப் பிரித்துப் பார்த்தால் பணம் பற்றி 61, வகுப்பு நேரம் பற்றி 38, சான்றிதழ் பற்றி 17, வேலை பற்றி 14, மற்றவை 10. இதைப் பார்த்ததும் "சரி, பீஸ்தான் முதல் கேள்வி" என்று முடிவு கட்டத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். கடைசிக் கட்டத்தையும் சேர்த்துப் படியுங்கள். பணம் பற்றிக் கேட்ட 61 பேரில் 30 பேர் சேர்ந்துவிட்டார்கள். நேரம் பற்றிக் கேட்ட 38 பேரில் சேர்ந்தது 6 பேர்தான். பணத்தைப் பற்றிக் கேட்பவர் பதில் கிடைத்தால் பாதிக்குப் பாதி தாண்டிப் போகிறார். நேரத்தைப் பற்றிக் கேட்பவர் அங்கேயே நின்றுவிடுகிறார். அதிகம் கேட்கப்படும் கேள்வியும் ஆளை நிறுத்தும் கேள்வியும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது, தொடக்கத்தில் நானும் தவறவிட்டது. நோட்டில் இருப்பவர்கள் எல்லோரும் போன் எடுத்து அழைத்தவர்கள், இல்லாவிட்டால் படியேறி வந்தவர்கள். அதற்கு முன்னாலேயே வேறு சில கேள்விகளுக்கு ஏதோ ஒரு வழியில் பதில் தேடிக்கொண்டவர்கள். தளத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போனவரின் கேள்வி எந்த நோட்டிலும் ஏறாது. இணையதளம் முதலில் பதில் சொல்ல வேண்டியது பெரும்பாலும் அவருக்குத்தான்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள, கூகுள் தேடலில் ஒரு தளம் எப்படித் தெரிகிறது என்று காட்டும் Google Search Console உதவும், பழைய தளம் ஒன்று ஏற்கெனவே இருந்தால். Performance அறிக்கையில் Queries பகுதியைத் திறந்தால் கடந்த 16 மாதம் வரை மக்கள் என்ன வார்த்தையைத் தேடியபோது உங்கள் தளம் கண்ணில் பட்டது என்று தெரியும். Query வடிகட்டியில் Custom (regex) என்பதைத் தேர்ந்தெடுத்து இப்படிப் போடுங்கள்:

```
sunday|evening|weekend|timing|ஞாயிறு|மாலை
```

வரும் பட்டியலில் Impressions, அதாவது கண்ணில் பட்ட தடவைகள், அதிகமாகவும் Clicks மிகக் குறைவாகவும் உள்ள வரிகளைக் கவனியுங்கள். ஞாயிறு வகுப்பு தேடியவர் உங்கள் பெயரைப் பார்த்திருக்கிறார். அங்கே ஞாயிறு என்ற வார்த்தையே இல்லாததால் தொடாமல் போயிருக்கலாம். பட்டியலில் நீங்கள் எந்த இடத்தில் வருகிறீர்கள் என்பதையும் Position கட்டத்தில் சேர்த்துப் பாருங்கள். நாற்பதாவது இடத்தில் வந்தால் யாரும் தொடாததற்குக் காரணம் வேறு. இன்னொன்று, மிகச் சிலர் மட்டும் தேடிய சொற்களைக் கூகுள் தனியுரிமைக்காக மறைத்துவிடும். ஆகவே இந்தப் பட்டியலில் இல்லை என்பதற்காக யாருமே தேடவில்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது.

ஆட்களிடம் பேசுங்கள், கருத்து கேட்காதீர்கள்

நோட்டும் பட்டியலும் என்ன கேள்வி என்று சொல்லும். ஏன் என்பதைப் பேசித்தான் தெரிந்துகொள்ள முடியும். அண்மையில் சேர்ந்தவர்களில் ஐந்து பேர், விசாரித்துவிட்டுச் சேராதவர்களில் ஐந்து பேர் என்று தொடங்கலாம். இரண்டாவது ஐந்து பேரைப் பிடிப்பது கஷ்டம். ஆனால் சேர்ந்தவர்கள் தாண்டி வந்த கதையைத்தான் சொல்வார்கள். எங்கே இடறியது என்பது சேராதவருக்குத்தான் தெரியும். "சேரச் சொல்லிக் கூப்பிடவில்லை, பத்து நிமிஷம் பேசணும்" என்று முதலிலேயே சொல்லிவிட்டால் பலரும் பேசுவார்கள். சொன்னபடியே கடைசி வரை விற்கவும் கூடாது.

"எங்கள் தளத்தில் என்ன இருந்தால் நல்லது?" என்று கேட்டால் எல்லோரும் வீடியோ போடுங்கள், வண்ணமாகப் போடுங்கள் என்பார்கள். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. நடந்ததைக் கேளுங்கள். ஜவுளிக் கடையில் கணக்கு எழுதும் ஒருவரோடு பேச்சு ஏறத்தாழ இப்படிப் போகும்:

"அண்ணா, ஜிஎஸ்டி கிளாஸ் சேரணும்னு முதல்ல எப்போ தோணுச்சுங்க?"

"ஆடிட்டர் ஆபீஸ்ல ஒரு தடவை ஃபைலத் திருப்பி அனுப்பிட்டாங்க. ரெண்டு சப்ளையர் பில்லு டூ பியில வரலைன்னாங்க. எனக்கு டூ பின்னா என்னன்னே தெரியலைங்க. முதலாளி முன்னாடி ஒரு மாதிரி ஆயிருச்சு."

"அன்னைக்கே தேடுனீங்களா?"

"எங்கங்க, இருபதாந் தேதி வரைக்கும் மூச்சு விட நேரமில்லை. த்ரீ பி போட்டு முடிச்சு, ரெண்டு நாள் கழிச்சு ராத்திரி படுத்துக்கிட்டு போன்ல பார்த்தேன்."

"பார்த்துட்டு?"

"மூணு நாலு இடம் வந்துச்சு. எல்லாத்துலயும் கோர்ஸ் பேருதான் இருந்துச்சு. எனக்கு ஞாயித்துக்கிழமை இருக்கான்னு மட்டும் தெரிஞ்சாப் போதும். கால் பண்ணலாம்னா பகல்ல முதலாளி பக்கத்துல இருக்காரு. அப்படியே விட்டுட்டேங்க."

இந்த ஒரு பேச்சில் தளத்துக்கு வேண்டியது நிறைய வந்துவிட்டது. மாதாமாதம் கணக்குத் தாக்கல் செய்யும் கடைகளுக்கு, விற்பனை விவரம் தரும் ஜிஎஸ்டிஆர்-1-க்குக் கடைசி நாள் அடுத்த மாதம் 11-ஆம் தேதி, வரி கட்டும் ஜிஎஸ்டிஆர்-3பி-க்கு 20-ஆம் தேதி. சப்ளையர் பில் ஏறியிருக்கிறதா என்று காட்டும் 2பி வருவது 14-ஆம் தேதி. அதாவது இவர் 10 முதல் 20 வரை எதையும் தேட மாட்டார், தேடினால் 20-க்கு மேல் இரவில்தான். பகலில் போன் செய்ய முடியாது, வாட்ஸ்அப் மட்டும்தான். "டேலி கோர்ஸ்" என்ற பெயர் அவருக்கு ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு வேண்டியது 2பி பார்ப்பது.

ஏழெட்டுப் பேரிடம் பேசியதும் அதே கதைகள் திரும்ப வரத் தொடங்கும். ஒரு வகையினரிடம் புதிதாக எதுவும் வராதபோது அந்த வகையை நிறுத்திக்கொண்டு அடுத்ததற்குப் போகலாம்.

பெர்சோனாவை எதை வைத்துப் பிரிப்பது

"22–28 வயது, நடுத்தரக் குடும்பம், ஸ்மார்ட்போன் வைத்திருப்பவர்" என்று எழுதிய பெர்சோனாக்களைப் பார்த்திருப்பீர்கள். அதை வைத்துத் தளத்தில் ஒரு வரியைக்கூட முடிவு செய்ய முடியாது. நான் பிரிக்கும் முறை இது: இரண்டு பேருக்கு ஒரே பதில் போதுமென்றால் அவர்கள் ஒரே பெர்சோனா, வயது வேறாக இருந்தாலும். பதில் மாற வேண்டும் என்றால் தனித்தனி.

பெர்சோனா என்ற முறைக்குப் பின்னால் ஆலன் கூப்பர் என்ற அமெரிக்க மென்பொருள் வடிவமைப்பாளர் இருக்கிறார். 1983-ல் ஒரு திட்ட மேலாண்மை மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தபோது, அப்படிப்பட்ட வேலையில் இருந்தவர்களிடம் பேசி, அதிலிருந்து ஒரு ஆளை மனதில் உருவாக்கி, கணினி வேலையை முடிக்கும் வரை வெளியே நடந்துகொண்டே அந்த ஆளாகத் தனக்குத் தானே பேசிப் பார்த்தார். முதலில் பேசினார், பிறகுதான் கற்பனை செய்தார். இன்று நிறையப் பேர் முதல் பாதியை விட்டுவிட்டு நேராகக் கற்பனைக்குப் போய்விடுகிறார்கள்.

பெர்சோனாவுக்குப் பெயரும் புகைப்படமும் வைப்பது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. பெயர் வைத்ததும் "அவளுக்கு இந்த நீலம் பிடிக்காது" என்று அறையில் இருப்பவர்கள் கதை கட்டத் தொடங்கிவிடுகிறார்கள். நிலைமையையே பெயராக வைத்துவிடுங்கள். நம் ஈரோடு நிலையத்துக்கு மூன்று வருகிறது.

முதலாமவர், 20-ஆம் தேதிக்குப் பிறகு தேடுபவர். மேலே பேசியவர்தான். கணக்கு வேலையில் இருக்கிறார். பில் போடத் தெரியும், ரிட்டர்ன் தெரியாது. தன் பணத்தைத் தானே கட்டுவார். நேரம்தான் இவருக்குச் சிக்கல்.

இரண்டாமவர், பி.காம் கடைசி செமஸ்டரில் இருப்பவர். இவரை எழுதும்போது கூடவே இன்னொருவரையும் எழுத வேண்டும், பணம் கட்டும் அப்பாவை. படிப்பவருக்கு "இதைப் படிச்சா எந்த வேலைக்குப் போகலாம், பரீட்சை முடிஞ்ச உடனே பேட்ச் இருக்கா" என்று கேள்வி. அப்பாவுக்கு "மொத்தம் எவ்வளவு, எத்தனை மாசம், சான்றிதழ் யார் தருவாங்க, சாயங்காலம் எத்தனை மணிக்கு விடுவீங்க" என்று கேள்வி. பவானியிலிருந்தோ பெருந்துறையிலிருந்தோ மகளை அனுப்புபவருக்கு, பாடத்திட்டத்தைவிடத் திரும்பி வரும் பஸ் முக்கியம்.

மூன்றாமவர், பிள்ளை பள்ளிக்குப் போனபின் பகலில் நேரம் கிடைத்தவர். படித்து முடித்துப் பத்து வருடம் ஆகிவிட்டது. அவர் கல்லூரியில் படித்தது வாட் வரி; ஜிஎஸ்டி வந்தது 2017 ஜூலை 1-ல். இவருடைய கேள்வி "எனக்கு வருமா?" என்பது. அதை யாரிடமும் வாய்விட்டுக் கேட்க மாட்டார், அதனால் நோட்டில் எங்கேயும் இருக்காது. மேசைக்கு வந்து "காலையில கிளாஸ் இருக்கா?" என்றுதான் கேட்பார். சேர்ந்தவர்களிடம் உட்கார்ந்து பேசினால் மட்டுமே உள்ளே இருந்த கேள்வி வெளியே வரும்.

நான்காவதாக ஒருவரையும் எழுதி வையுங்கள்: யாருக்காகத் தளம் இல்லை என்று. "வகுப்புக்கு வர முடியாது, சர்டிபிகேட் மட்டும் வேணும்" என்று வருபவர். அவருக்காக ஒரு வரியும் எழுத வேண்டியதில்லை என்று முதலிலேயே முடிவானால் பிறகு வாக்குவாதம் வராது.

மூன்றுக்கு மேல் போவதைச் சிறு நிலையத்துக்கு நான் பரிந்துரைப்பதில்லை. ஏழு பெர்சோனா இருந்தால் எந்த வரியை எழுதினாலும் யாரோ ஒருவருக்குப் பொருந்தும். அப்படிப் பொருந்தினால் எதையும் வெட்ட முடியாது.

பயண வரைபடம்: ஒரு ஆளை எடுத்து நாள் நாளாக

வரைபடம் என்றதும் அழகான வரைகலை தேவையில்லை. ஒரு பெரிய தாளில் ஐந்தாறு வரிசை போதும். 20-ஆம் தேதிக்குப் பிறகு தேடுபவரின் வரைபடம் இது:

| கட்டம் | என்ன செய்கிறார் | மனதில் கேள்வி | எங்கே நிற்கிறார் |
|---|---|---|---|
| தூண்டல் | ஆடிட்டர் ஆபீஸ் ஃபைலைத் திருப்பியது | இதை எங்கே கத்துக்கிறது? | 20 வரை தள்ளிப்போடுகிறார் |
| தேடல் | இரவில் போனில் தேடுகிறார் | ஞாயிறு இருக்கா? | நேரம் காணோம் என்றால் மூடிவிடுகிறார் |
| ஒப்பிடல் | இரண்டு தளங்களைத் திறக்கிறார் | ஜிஎஸ்டி மட்டும் படிக்கலாமா? | முழு கோர்ஸ்தான் என்றால் விலகுகிறார் |
| கேட்டல் | வாட்ஸ்அப் அனுப்புகிறார் | பதில் எப்போ வரும்? | மறுநாள் மதியம் வரை பதில் இல்லை என்றால் மறந்துவிடுகிறார் |
| முதல் மாதம் | வகுப்புக்கு வருகிறார் | 10–20 வர முடியலைன்னா? | விட்ட பாடம் கிடைக்காமல் நின்றுவிடுகிறார் |

"எங்கே நிற்கிறார்" என்ற கடைசி நெடுவரிசையையே மையமாக வைத்து வரையுங்கள். "மகிழ்ச்சி, நம்பிக்கை" என்று முகபாவம் வரையும் வரிசை பல மாதிரிகளில் இருக்கும். அது நமக்கு உதவாது. ஆள் எங்கே நின்றுபோகிறார் என்பது தெரிந்தால்தான் அந்த இடத்தில் ஒரு பதிலை வைக்க முடியும். சில இடங்களில் தளத்தால் ஒன்றும் செய்ய முடியாது என்பதும் இதிலேயே தெரிந்துவிடும். வாட்ஸ்அப்புக்கு மறுநாள் மதியம்தான் பதில் போகிறது என்றால் தளத்தை எத்தனை திருத்தினாலும் பயனில்லை. இரவு ஒன்பது மணிக்கு யார் போனைப் பார்ப்பது என்று முடிவு செய்ய வேண்டும்.

கல்லூரி மாணவியின் வரைபடம் வேறு மாதிரி வளைகிறது. நண்பர் ஒருவர் சேர்ந்ததைக் கேட்டுத் தேடுகிறாள். தளம் பிடித்திருக்கிறது. உடனே சேர மாட்டாள். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அப்பாவுக்கு அனுப்புவாள், இல்லாவிட்டால் இரவு சாப்பிடும்போது போனை நீட்டுவாள். அப்பா பார்ப்பது அந்த ஒரே ஒரு திரை. அதில் கட்டணம் இல்லையென்றால் "எவ்வளவுன்னே போடலையே" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இது தெரிந்ததும் வடிவமைப்பில் ஒரு முடிவு தானாக வந்துவிடுகிறது: நேரம், மாதம், மொத்தக் கட்டணம், இடம் நான்கும் ஒரே போன் திரைக்குள் இருக்க வேண்டும். தனித்தனிப் பக்கங்களில் அழகாகப் பிரித்து வைத்தால் ஸ்க்ரீன்ஷாட்டில் பாதிதான் போய்ச் சேரும்.

மூன்றாமவரின் வரைபடத்தில் ஒரு நீண்ட இடைவெளி இருக்கும். தளத்தைப் பார்த்த நாளுக்கும் வந்து கேட்ட நாளுக்கும் இடையே வாரக்கணக்கில் ஒன்றும் நடக்காது. அந்த இடைவெளியைக் குறைப்பது "தமிழில் சொல்லித்தருகிறோம், முதல் வாரத்தில் இது மட்டும்தான்" என்ற தெளிவான வரியும், ஒரு நாள் இலவசமாக வந்து உட்காரலாம் என்ற அழைப்பும்.

எதை முதலில் வைப்பது

இப்போது கையில் இருபது முப்பது கேள்விகள் இருக்கும். ஒவ்வொன்றையும் மூன்று சல்லடையில் போடுங்கள். இந்தப் பதில் கிடைக்காவிட்டால் ஆள் நின்றுவிடுவாரா, இல்லை பிறகு கேட்டுக்கொள்வாரா? இந்தக் கேள்வி வரும்போது அவர் தளத்தில் இருக்கிறாரா, இல்லை மேசைக்கு வந்துவிட்டாரா? இதற்கு இன்று உண்மையான, திட்டவட்டமான பதில் நம்மிடம் இருக்கிறதா?

தவணைக் கேள்வியைப் போட்டுப் பாருங்கள். முக்கியமானதுதான், ஆனால் அது பெரும்பாலும் மேசைக்கு வந்தபின் எழுகிறது. தளத்தில் ஒரு வார்த்தை போதும். ஞாயிறு வகுப்புக் கேள்வி மூன்றையும் தாண்டுகிறது. மொத்தக் கட்டணமும் தாண்டுகிறது, அப்பா என்ற ஆளால். சான்றிதழ் யார் தருவது என்பது தாண்டுகிறது, ஆனால் ஒப்பிடும் கட்டத்தில்தான், ஆகவே இரண்டாவது திரை. "வேலை கிடைக்குமா" மூன்றாவது சல்லடையில் மாட்டிக்கொள்கிறது. "100% வேலை உறுதி" என்று போட்டுவிடலாம் என்று உரிமையாளர் சொல்வார். போட வேண்டாம். பயிற்சி மையங்களின் தவறான விளம்பரங்களைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில், வேலை உறுதி என்று சொல்வதும் தடுக்கப்பட்டவற்றில் ஒன்று. அது ஒருபுறம் இருக்க, அந்த வரியை அப்பாக்கள் நம்புவதும் இல்லை. அதற்குப் பதிலாக "முடித்தபின் பர்ச்சேஸ், சேல்ஸ் என்ட்ரி போடுவது, பேங்க் ஸ்டேட்மென்டோடு சரிபார்ப்பது, ஜிஎஸ்டிஆர்-1, 3பி தயார் செய்வது, 2பியோடு ஒப்பிடுவது, இவற்றைத் தனியாகச் செய்வீர்கள்" என்று எழுதுங்கள். வேலைக்கு ஆள் எடுக்கும் ஆடிட்டர் ஆபீஸ் கேட்பதும் இதைத்தான்.

நம் நிலையத்துக்கு முதல் திரை இப்படி வந்து நிற்கிறது:

> டேலி + ஜிஎஸ்டி. தமிழில் பயிற்சி. ஈரோடு பேருந்து நிலையம் அருகில்.
> காலை 10–12 | மாலை 5–6.30 | ஞாயிறு 10–1
> 3 மாதம். மொத்தம் ரூ. 9,000, புத்தகம், தேர்வுக் கட்டணம் உட்பட. இரண்டு தவணை.
> ஜிஎஸ்டி மட்டும் படிக்க: 6 ஞாயிறு, ரூ. 3,500.
> அடுத்த பேட்ச் தொடங்கும் நாள்: ______
> [வாட்ஸ்அப்பில் கேட்க]

இதற்குக் கீழே மூன்று சிறு பத்திகள், மூன்று பெர்சோனாவுக்கும் ஒவ்வொன்று. வேலையில் இருப்பவருக்கு விட்ட வகுப்பை எப்படி ஈடுகட்டலாம் என்பது, மாணவருக்குச் சான்றிதழும் முடித்தபின் செய்யப்போகும் வேலையும், மூன்றாமவருக்கு முதல் வாரமும் இலவச நாளும். உரிமையாளரின் படமும் வரலாறும் கடைசியில். அவரைச் சமாதானப்படுத்த வரைபடத்தைக் காட்டுங்கள். எந்தக் கட்டத்தில் யார் அதைக் கேட்டார் என்று அவரே தேடிப் பார்க்கட்டும்.

கட்டணத்தைப் போடுவதில் உரிமையாளர்கள் தயங்குவார்கள். "போட்டுட்டா யாரும் கூப்பிட மாட்டாங்க, கூப்பிட்டாத்தானே பேசிச் சேர்க்க முடியும்" என்பது அவர்கள் வாதம். அதில் பாதி உண்மை, அழைப்புகள் குறையக்கூடும். ஆனால் நாம் எண்ண வேண்டியது அழைப்பை அல்ல, சேர்க்கையை. இரண்டு மாதம் போட்டுப் பார்த்து, சென்ற வருடத்தின் அதே மாதங்களோடு ஒப்பிடுங்கள். மே மாதத்தை பிப்ரவரியோடு ஒப்பிடக் கூடாது; தேர்வு முடியும் காலத்தில் சேர்க்கை எப்படியும் கூடும், அதைத் தளத்தின் கணக்கில் எழுதிவிடுவோம்.

சரியாகத்தான் செய்தோமா என்று பார்ப்பது

மூன்று பத்திகளின் கீழும் தனித்தனி வாட்ஸ்அப் இணைப்பு வையுங்கள், முதல் செய்தி ஏற்கெனவே நிரப்பப்பட்டதாக:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=Sunday%20batch
```

வரும் செய்தியிலேயே எந்தப் பத்தியைப் படித்துவிட்டு வந்தார் என்று தெரிந்துவிடும். தனியாக எந்த மென்பொருளும் வேண்டாம். சிலர் அந்த வார்த்தையை அழித்துவிட்டுத் தன் கேள்வியை எழுதுவார்கள். அதையும் நோட்டில் ஏற்றுங்கள், அது விலை மதிப்புள்ளது.

அடுத்து, தளத்தைப் பார்த்திராத நாலு பேரிடம் ஆளுக்கு ஒரு தடவை போனைக் கொடுத்து "ஞாயிற்றுக்கிழமை வகுப்பு எத்தனை மணிக்கு என்று கண்டுபிடிங்க" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு பாருங்கள். கை எங்கே போகிறது, எங்கே திரும்பி வருகிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அவர் தடுமாறும்போது "கீழே பாருங்க" என்று சொல்லிவிட்டால் அந்தச் சோதனை வீண்.

தளம் வந்த பிறகும் என்கொயரி நோட்டை நிறுத்த வேண்டாம். தளத்தில் பதில் இருக்கும் ஒரு கேள்வி இன்னும் மேசைக்கு வந்துகொண்டே இருந்தால் காரணம் இரண்டில் ஒன்று: கண்ணில் படவில்லை, அல்லது நம்பவில்லை. "தளத்தைப் பார்த்தீங்களா?" என்று ஒரு கேள்வி கேட்டால் பிரித்துவிடலாம். பார்க்கவில்லை என்றால் இடத்தை மாற்றுங்கள். பார்த்தும் கேட்கிறார் என்றால், "ஒன்பதாயிரம்தானா, அப்புறம் வேற எதுவும் கேப்பீங்களா?" என்று உறுதிப்படுத்திக்கொள்கிறார். அப்போது இடத்தை மாற்றிப் பயனில்லை. ரசீதின் மாதிரியைப் போடுவது, இடையில் நின்றால் பணம் எவ்வளவு திரும்பும் என்று எழுதுவது போல நம்புவதற்கு ஏதாவது தர வேண்டும்.

பெர்சோனாவுக்கும் வயது உண்டு. 2025 செப்டம்பர் 22-ல் ஜிஎஸ்டி விகிதங்கள் மாறின, பெரும்பாலான பொருட்கள் 5, 18 சதவீதம் என்ற இரண்டு அடுக்குக்குள் வந்தன. அப்படி ஒரு மாற்றம் வந்த வாரமே வேலையில் இருப்பவரின் முதல் கேள்வி மாறிவிடும்: "புது ரேட்டுல சொல்லித்தர்றீங்களா, பழைய நோட்ஸா?" அதற்கான பதில் அந்த வாரமே முதல் திரையில் ஒரு வரியாக ஏற வேண்டும். இப்படிச் சட்டம் மாறும்போதும், கல்லூரித் தேர்வு நாட்கள் மாறும்போதும் நோட்டின் கடைசி முப்பது கேள்விகளை எடுத்து வரைபடத்தோடு வைத்துப் பாருங்கள். வரைபடத்தில் இல்லாத கேள்வி மூன்று நான்கு தடவை வந்திருந்தால் அந்த வகையினரிடம் மறுபடி பேசப் போக வேண்டும்.

முதல் திரையில் "அடுத்த பேட்ச் தொடங்கும் நாள்" என்று ஒரு வரி வைத்தோம் அல்லவா, அதை யார் மாற்றுவது என்று தளம் வெளியாகும் முன்பே ஒரு ஆளின் பெயரைச் சொல்லி முடிவு செய்துவிடுங்கள். வரவேற்பு மேசையில் இருப்பவரே போனிலிருந்து மாற்றும்படி செய்து கொடுங்கள். தேதி கடந்துபோய் அப்படியே நின்றால், இரவு பத்து மணிக்குத் தேடும் அந்தக் கடைக் கணக்கர் நிலையம் இன்னும் நடக்கிறதா என்றே சந்தேகப்படுவார்.